உத்தரவாதப் பக்கத்தை முழுமையாகப் பிடிஎஃபாகச் சேமிப்பது எப்படி?

கேள்வி: இணையக் கடையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். அதன் உத்தரவாத விதிமுறைகளை மடிக்கணினியில், குரோம் உலாவி வழியாகப் பிடிஎஃபாகச் சேமித்தேன். அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. இணைப்புகளைத் தட்டினாலும் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இணைப்புகள் செத்துப்போனதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். Ctrl+P அழுத்தியதும் வரும் பெட்டியில், Destination என்ற இடத்தில் Microsoft Print to PDF இருந்திருக்கும். அது தாளில் அச்சிடுவதைப் போலவே பக்கத்தை வரைந்து தருவதால், எழுத்துகள் நிற்கும், அவற்றுக்குப் பின்னுள்ள முகவரிகள் போய்விடும். அங்கேயே Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்தால் இணைப்புகள் உயிரோடு இருக்கும்.

வலது ஓரம் வெட்டுப்படுவது வேறு சிக்கல். அகலமான அட்டவணை ஏ4 தாளின் அகலத்துக்குள் அடங்காதபோது, மிஞ்சும் பகுதி விடுபட்டுப் போகிறது. Layout என்பதை Landscape ஆக மாற்றுங்கள். போதவில்லையென்றால் More settings-இல் Scale என்பதை Custom ஆக்கி, 80, 70 என்று படிப்படியாகக் குறைத்து, முன்னோட்டத்தில் கடைசிக் கட்டம் முழுதாகத் தெரியும்போது நிறுத்துங்கள். Headers and footers என்பதையும் தேர்வு செய்துவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் இணைய முகவரியும் பதிவாகும்.

இவற்றைவிட நான் அதிகம் அஞ்சுவது, விடுபட்டதே தெரியாமல் விடுபடும் பகுதிகளைத்தான். "தோட்டப்புறங்களுக்கான பழுதுபார்ப்புக் கட்டணம்" போன்ற தலைப்பு கூட்டல் குறியோடு மூடிக் கிடந்தால், பிடிஎஃபில் தலைப்பு மட்டுமே வரும். ஈப்போவிலிருந்து ஆள் வருவதற்கான செலவு யாருடையது என்ற வரி இருக்காது. ஆகவே அச்சிடும் முன் அத்தகைய தலைப்புகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பக்கத்தின் அடிவரை மெதுவாக நகர்த்திச் செல்லுங்கள். கீழே போகும்போதுதான் ஏற்றப்படும் படங்களும் அப்போது வந்துவிடும். விதிமுறைகள் தனியாக நகரும் சிறு பெட்டிக்குள் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டுமே பதிவாகக்கூடும்; அவற்றை முழுதாக நகலெடுத்து வேர்டில் ஒட்டி, தனிப் பிடிஎஃபாக வைத்துக்கொள்வதே நல்லது.

சேமித்த கோப்பைத் திறந்து, ஓர் இணைப்பின் மேல் சுட்டியைக் கொண்டு செல்லுங்கள். கை உருவம் தோன்றினால் இணைப்பு இருக்கிறது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தையும் விதிமுறைகளின் கடைசி வரியையும் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைப்பு காட்டும் பக்கம் விற்பனையாளரின் கையில்தான் இருக்கிறது. அவர் அதை மாற்றினால் உங்கள் இணைப்பும் மாறிய பக்கத்தையே திறக்கும். நீக்கினால் எதுவும் திறக்காது. எனவே "விலக்குகள்", "பணம் திரும்பப் பெறுதல்" போன்ற இணைப்புப் பக்கங்களையும் இன்றே தனித்தனியாகச் சேமித்துவிடுங்கள். பின்னாளில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைக்க நேர்ந்தால், ரசீதோடு அந்தக் கோப்புகளையும் அச்சிட்டுக் கொண்டு செல்லலாம்.