"உடனே பதிவு செய்யுங்கள்" என்பதா, "வாங்க" என்பதா?

நீடாமங்கலம் பக்கம் எங்க உழவர் குழு சார்பா, சம்பா நாற்றங்காலுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் பரிசோதனை பத்தி கருத்தரங்கு வைக்கிறோம். வாட்ஸ்அப்ல 'இடங்கள் குறைவு, உடனே பதிவு செய்யுங்கள்'னு போடலாமா, இல்ல 'அனைவரும் வருக'ன்னு கூப்பிடலாமா? நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லணும்.

நூறு சாப்பாடு என்று நீங்கள் கடைசியில் போட்ட வரிதான் முடிவைச் சொல்கிறது. யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், ஆகவே "அனைவரும் வருக" மட்டும் போதாது. நம் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் "வந்துடுறேங்க" என்பார்கள், முகத்துக்கு நேரே வரவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழும், அதை நம்பி உலை வைக்க முடியாது.

அதற்காக "உடனே பதிவு செய்யுங்கள்" என்றும் போடாதீர்கள். அந்தச் சொல் டெல்டா விவசாயிக்கு வேறு ஞாபகத்தைக் கிளப்பும். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு என்றால் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். கொள்முதல் நிலையத்தில் பதிவு என்றால் மூட்டையோடு காத்திருப்பது. குத்தகைக்கு உழுகிறவர் இதைப் படித்ததும் 'சிட்டா நம்ம பேர்ல இல்லையே' என்று நகர்ந்துவிடுவார், நீங்கள் அதைக் கேட்கவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "இடங்கள் குறைவு" என்பதும் உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டு அப்படிப் போட்டால், அன்றைக்குக் காலி நாற்காலிகளைப் பார்க்கிறவர் உங்கள் அடுத்த செய்தியை நம்பமாட்டார்.

நான் எழுதினால் கூப்பிடுவதை மென்மையாகவும், கடைசி வரியை நேரடியாகவும் வைப்பேன். அந்தக் கடைசி வரி கேட்பது ஒரே ஒரு சின்ன வேலை, கெடுவுக்குக் காரணமும் அதிலேயே இருக்கும்:

"சம்பாவுக்கு அடியுரம் போடுமுன் நம்ம மண்ணில் என்ன இருக்கு, என்ன இல்லை என்று பார்ப்போம், ஞாயிறு காலை 10 மணிக்கு வாங்க. கட்டணம் இல்லை, ஆதார், சிட்டா எதுவும் வேண்டாம். வருவதாக இருந்தால் உங்கள் பெயரும் ஊரும் மட்டும் வியாழன் இரவுக்குள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை சமையலுக்குச் சொல்லணும்."

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியின் மேல் பகுதி மட்டும்தான் தெரியும், மிச்சம் மடங்கிவிடும். ஆகவே தலைவர், முன்னிலை, வரவேற்புரை பட்டியலெல்லாம் கீழே போகட்டும் (அதை மேலே போடச் சொல்லி ஒருவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை). பரிசோதிக்க ஆள் உண்மையிலேயே வருகிறார் என்றால் "வயல் மண் அரை கிலோ கொண்டு வாங்க" என்று சேருங்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி மண் எடுத்து வைத்தவர் வராமல் இருப்பது கடினம்.

சந்தேகம் தீரவில்லையா, இரண்டு குழுக்களில் இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். தொட்டதும் செய்தி தானாக எழுதப்பட்டு நிற்கும் இணைப்பு இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=VARUGIREN-1
https://wa.me/91XXXXXXXXXX?text=VARUGIREN-2
```

எண்ணில் கூட்டல் குறி வேண்டாம், 91-க்குப் பிறகு பத்து இலக்கம். ஒரு குழுவுக்கு முதலாவது, இன்னொன்றுக்கு இரண்டாவது. யார் எதைப் படித்து வந்தார் என்று தெரிந்துவிடும். இதில் பலரும் சறுக்குவது, பெயர் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுவது. நேரடிச் செய்திக்கு 60 பேர் பெயர் கொடுத்து 30 பேர் வந்தார்கள், மென்மையானதற்கு 40 பேர் கொடுத்து 32 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஜெயித்த மாதிரி தெரியும், ஆனால் அது முப்பது இலை வீணான கணக்கு. வாசலில் ஒரு நோட்டு வைத்து வந்தவர் பெயரையும் எழுதுங்கள். அப்படியும் 30-க்கும் 32-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எது மேல் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு குழுவில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கூடுதலாக இருந்தாலே அவ்வளவு மாறும், அதனால் அடுத்த கூட்டத்தில் குழுக்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், சனிக்கிழமை மாலை பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் தனித்தனியாக ஒரு நினைவூட்டல் போகட்டும். "நாளை பார்ப்போம், வர முடியலைன்னா ஒரு வார்த்தை போடுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்" என்று எழுதுங்கள். குழுவில் எல்லார் முன்னாலும் வரமாட்டேன் என்று சொல்லத் தயங்குகிறவர் தனிச் செய்தியில் சொல்லிவிடுவார், நீங்களும் சமையல்காரரிடம் அரிசியைக் குறைக்கச் சொல்லலாம்.