தாத்தா தச்ச தட்டை: நா பிறழும் வாக்கியங்கள், கேள்வி பதில்

ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்றதாலதானே நாக்கு குழறுது? – ரமேஷ்

ஒரே ஒலி திரும்ப வருவதால் மட்டும் குழறாது. "பப்பா பப்பாளி பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள், பத்துத் தடவையும் வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஒலிகள், ஒரே மாதிரி இடத்தில், மாறி மாறி வர வேண்டும். அப்போதுதான் நாக்கு இடறும்.

எல்லோருக்கும் தெரிந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "இது யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை." இதில் "தச்ச", "சட்ட" இரண்டுக்கும் ஒரே அச்சு. முதலில் ஒரு மெய், பிறகு அகரம், பிறகு அழுத்தமான இரட்டை மெய், மறுபடி உயிர். முதல் இடத்தில் ஒன்றில் த, மற்றதில் ச. நடுவில் ஒன்றில் ச்ச, மற்றதில் ட்ட. எழுத்தில் "தச்ச", "சட்டை" இரண்டிலும் ச என்றே எழுதினாலும் வாயில் அவை வேறு. "தச்ச"வில் இருப்பது "பச்சை"யில் வரும் ச்ச. "சட்டை"யின் தொடக்கத்தில் பெரும்பாலோர் சொல்வது காற்று சீறும் ஸ. ஆக, பல்லடியில் ஒட்டும் த, நடு அண்ணத்தில் அழுத்தும் ச்ச, சீறும் ஸ, மடிந்து மேலே தட்டும் ட்ட என்று நான்கு வேலைகளை ஒரு நொடிக்குள் நாக்கு முடிக்க வேண்டும்.

தவறும் கண்டபடி வராது. சொல்லின் முதல் ஒலி முதல் ஒலியோடுதான் இடம் மாறும், நடு ஒலி நடு ஒலியோடு. அதனால்தான் "தச்ச தட்டை" என்றும் "சச்ச சட்டை" என்றும் குழறுகிறோம். "டச்ச" என்று யாரும் குழறுவது அரிது.

அதுல என்ன சிரிப்பு? தப்பா பேசினா வேற நேரத்துல யாரும் சிரிக்கறதில்லையே. – மீனா, ஈரோடு

தவறிப்போய் வாயில் வந்து விழுந்த சொல்லுக்கும் ஓர் அர்த்தம் இருப்பதுதான் காரணம். "தாத்தா தச்ச தட்டை" என்றதும், கேட்பவர் மனத்தில் ஊசி நூலோடு உட்கார்ந்து முறுக்குத் தட்டையைத் தைக்கும் தாத்தா தெரிகிறார். வாய் தவறும்போது அர்த்தமில்லாத ஒலிக் கூட்டத்தைவிட உண்மையான சொல்லாக மாறுவதே அதிகம் என்பது 1970களிலிருந்தே ஆய்வில் தெரிந்த விஷயம். "தட்டை" என்று ஒரு பலகாரம் இருப்பதே "சட்டை" அந்தப் பக்கம் சரிவதற்கு ஒரு வழுக்கல்.

இன்னொன்றும் உண்டு. கேட்பவர்களும் மனத்துக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து என்ன வர வேண்டும் என்று தெரிந்து காத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வேறொன்று வந்து விழுகிறது, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சொல்பவரே முதலில் சிரித்துவிடுவார். சிரித்ததும் மூச்சு உடையும். மூச்சு உடைந்தால் அடுத்த சுற்றும் போய்விடும். கூட்டம் அடங்காமல் சிரிப்பது இந்த இரண்டாவது, மூன்றாவது தடுமாற்றத்துக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை: தவறினால் கெட்ட வார்த்தை வரும்படி அமைத்த வாக்கியங்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கேட்பவர்களுக்குத்தான் அது வேடிக்கை, சொன்ன குழந்தை அவமானப்பட்டு அழும்.

அக்கா, வேகமா சொல்ல ஏதாவது டிரிக் இருக்கா? – ஹரிணி

பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் "சட்டை" மட்டும் ஐந்து தடவை. பிறகு "தச்ச சட்டை" ஐந்து. பிறகு "தாத்தா தச்ச சட்டை". கடைசியில் முழு வாக்கியம். தொடையில் ஒரு நொடிக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு சொல். தொடர்ந்து ஐந்து சுற்று சுத்தமாக வந்த பிறகுதான் தட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும். குழறினால் அதே வேகத்தில் மறுபடி முட்டாதீர்கள், ஒரு படி இறங்குங்கள். குழறியதையே வேகமாகத் திரும்பச் சொன்னால் அந்தக் குழறல்தான் பழக்கமாகும்.

வேகமா சொல்ல டெக்னிக் சொல்லுங்க ப்ளீஸ். – விக்கி

ஹரிணிக்குச் சொன்னதுதான். வேகம் கடைசியில்.

மனசுக்குள்ள படிச்சாலே எனக்குத் திணறுது. நாக்கு அசையவே இல்லையே, எப்படி? – சுகன்யா

நல்ல கேள்வி. வாய் திறக்காமல் படித்தாலும் இந்த மாதிரி வாக்கியங்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்று 1982இலேயே அளந்திருக்கிறார்கள். ஆகவே சிக்கலில் ஒரு பகுதி நாக்குக்கு முன்பே, எந்த ஒலி எந்த இடத்துக்கு என்று மூளை வரிசைப்படுத்தும் கட்டத்திலேயே நடக்கிறது.

ஆனால் நாக்குக்குப் பங்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். லூயி கோல்ட்ஸ்டீனும் மரியான் பூப்ளியேயும் மற்றவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கில் சிறு உணரிகளை ஒட்டிவிட்டு "காப் டாப், காப் டாப்" என்று ஆட்களை விடாமல் சொல்ல வைத்தார்கள். போகப் போக, ட சொல்ல நுனிநாக்கு எழும்பும் அதே நேரத்தில், க சொல்வதற்கான அடிநாக்கும் சேர்ந்து எழும்பியது. கேட்பவர் காதில் சரியாகவே விழுந்தாலும், உள்ளே இரண்டு வேலை ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. காரணம் தாளம். கடைசி ப் எல்லாச் சொல்லிலும் வருகிறது, க ஒன்று விட்டு ஒன்றில்தான் வருகிறது. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு உடம்புக்குச் சிரமம். ஒன்றுக்கு ஒன்று என்று இறங்கிவிடப் பார்க்கிறது. அதனால் வர வேண்டாத சொல்லிலும் க எழும்புகிறது.

உலகத்திலேயே கஷ்டமானது ஏதோ இங்கிலீஷ்ல கண்டுபிடிச்சாங்களாமே? – விக்கி

2013 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒலியியல் கூட்டத்தில் எம்.ஐ.டி.யின் ஸ்டெஃபனி ஷாட்டக்-ஹஃப்னாகல் சொன்ன "பேட் கிட் போர்ட் கர்ட் புல்ட் காட்". ப, க மாறி மாறி வர, எல்லாச் சொல்லும் ட்-இல் முடிகிறது. அதே தாளக் கணக்குதான். "உலகிலேயே" என்ற பட்டம் செய்தித்தாள்கள் கட்டியது. ஒருவர் நாக்குக்குக் கஷ்டமானது இன்னொருவர் மொழியில் பழக்கமானதாக இருக்கலாம்.

ல ள ழ இல்லாம தமிழ்ல நாக்கு சுளுக்குற வாக்கியமே கிடையாது. சரிதானே? – ஆசிரியர், திருச்சி

பாதி சரி. ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்மேட்டில் ஒட்டும். ள சொல்லும்போது மடிந்து அண்ணத்தில் ஒட்டும். ழ சொல்லும்போது மடிந்து மேலே போயும் எதையும் தொடாமல் நிற்கும். அவ்வளவு நெருக்கமான மூன்று இருப்பது நமக்கு வசதிதான். ஆனால் "தச்ச சட்டை"யில் இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை. "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முடி நரை முடி"யிலும் ழ ஒரே சொல்லில்தான் இருக்கிறது. அங்கே ஆளைக் கவிழ்ப்பது நரி, நரை. "நர" வரை இரண்டும் ஒன்று, கடைசி உயிர்தான் வேறு. போதாததற்கு "முடி"யும் "நரி" மாதிரியே இகரத்தில் முடிகிறது. அதனால் "நரி முடி", "நரை நரி" என்று வந்து விழும்.

எங்க பக்கம் வாளைப்பளம்னுதான் சொல்லுவோம். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி"ன்னு எத்தனை தடவை கேட்டாலும் சொல்லிருவேன். ஜெயிச்சது நான்தானே? – முருகன், திருநெல்வேலி

நீங்கள் ழவை ளவாகச் சொல்வதால், எதையும் தொடாமல் நிற்கும் ழ வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டது. உங்கள் நாக்குக்கு அது வெறும் ள-வரிசை. ல, ள இடறல் மட்டும் மிச்சம்.

அப்ப அது தப்பான உச்சரிப்பு, போட்டியில சேர்க்கவே கூடாது. – ஆசிரியர், திருச்சி

தப்பு ஒண்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில நாங்களும் பேச்சில ழவை ளவாத்தான் சொல்லுறனாங்கள். அதுக்காகத் தமிழ் தெரியாதெண்டு சொல்லேலுமோ? – தர்சினி

சென்னையில "வாயப்பயம்"னு சொல்றவங்களை என்ன பண்ணுவீங்க சார்? – ஹரிணி

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊர்ப்பேச்சு ஊர்ப்பேச்சுதான், அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் செய்தி வாசிப்பதற்கு ழ வேண்டும் என்றால் அது வேறு பயிற்சி. இங்கே கேள்வி, போட்டி எல்லோருக்கும் சமமாக இருக்கிறதா என்பது. கலந்த கூட்டமென்றால் த, ச, ட போல எல்லா ஊரிலும் தனித்தனியாகவே ஒலிக்கும் ஒலிகளில் அமைந்த வாக்கியத்தை எடுங்கள். ழ கட்டாயம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்படின்னா ழவோட அழகையே விட்டுக்கொடுக்கச் சொல்றீங்க. – ஆசிரியர், திருச்சி

இல்லை. வகுப்பில் கற்றுக்கொடுங்கள், மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் கருவியாக மட்டும் ஆக்காதீர்கள்.

இதையெல்லாம் விடுங்க. காளமேகப் புலவரோட "காக்கைக்கா காகூகை" இருக்கே, அதுக்கு மிஞ்சி எது? – சண்முகம்

பதினைந்தாம் நூற்றாண்டுச் சொல்விளையாட்டு, க-வரிசை மட்டுமே. அதில் சிக்கல் பெரும்பாலும் கண்ணுக்கு. "காக்கைக்கு ஆகா கூகை, கூகைக்கு ஆகா காக்கை" என்று பிரித்துக்கொண்டால் நாக்கு ஓடிவிடும், அடிநாக்குக்கு ஒரே வேலைதான்.

பிரிச்ச பிறகும் எனக்குக் கூகையும் காக்கையும் இடம் மாறுதே! – சண்முகம்

ஆமாம், அது நியாயமான மறுப்பு. மெய் மாறாவிட்டாலும் ஊவும் ஆவும் மாறி மாறி வருகின்றன. உயிர் மட்டும் மாறும் வாக்கியம் எவ்வளவு கடினம் என்பதில் என் பதிலை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பையனுக்கு ஆறு வயசு, ர வரல. "லயில்"ங்கிறான். நரி வாக்கியம் சொல்ல வச்சா சரியாகுமா? – ஒரு அம்மா

வேண்டாம் அம்மா. இது வந்த ஒலியைக் குழப்பும் விளையாட்டு, வராத ஒலியை வரவழைக்காது. ர தாமதமாக வரும் ஒலிகளில் ஒன்று. ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை வீட்டில் யாரும் அவனைச் சொல்லச் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

கல்யாண வீட்டுல மைக்ல நடத்தப் போறேன். டிப்ஸ்? – ஆங்கர் பிரவீன்

நரி வாக்கியம், மூச்சு விடாமல் மூன்று சுற்று. முதல் சுற்றில் பலர் தப்பிவிடுவார்கள். தாமாக முன்வருபவரை மட்டும் கூப்பிடுங்கள். திக்கிப் பேசுபவரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்காதீர்கள்.

வேகமா சொல்றதுக்கு… – கோகுல்

ஹரிணியின் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

நானே ஒண்ணு எழுதினேன்: "கருப்புக் கழுதை காலையில கடலை கடிச்சுது." எப்படி? – நிலா, 9ஆம் வகுப்பு

எல்லாம் க-வில் தொடங்குவதால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாக்கு தடுக்காது. சொற்கள் ஒன்றுக்கொன்று போட்டியாக இல்லை. ஒரே ஓர் ஒலியில் மட்டும் மாறுபட்டு, இரண்டுமே உண்மையான சொல்லாக இருக்கும் ஜோடியைத் தேடு. கட்டி, கத்தி. இப்போது, "கட்டி வெல்லம் வெட்டுற கத்தி, கத்தி வெட்டுற வெல்லக் கட்டி." வெல்லம், வெட்டு என்று இன்னொரு ஜோடியும் உள்ளே இருக்கிறது. தவறினால் "கத்தி வெல்லம்" கிடைக்கும், அதை யாரும் தின்ன முடியாது என்பதுதான் சிரிப்பு. ஐந்து தோழிகளிடம் மூன்று சுற்று சொல்லச் சொல்லிப் பார். எல்லோரும் தப்பிவிட்டால் முதல் "வெட்டுற"வை எடுத்துவிடு. கட்டியும் கத்தியும் இன்னும் நெருங்கி வரும்.