பேதிக் குளிசையை நிறுத்தினால் உடம்பு ஊதுவது ஏன்?

கேள்வி: "உடம்பு மெலிய வேண்டும் என்று ஒரு வருடமாக இரவில் பேதிக் குளிசை எடுக்கிறேன். விட்டால் 2, 3 நாளில் கால் முகமெல்லாம் ஊதி, நிறையும் ஏறிவிடுகிறது. மலமும் போவதில்லை. குடல் நரம்பு செத்துவிட்டதா? எப்படி நிறுத்துவது?"

நான் வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அதைவிட, இதே கதையை என் சித்தியின் மகளிடம் கண்ணால் பார்த்தவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நிறுத்துவதற்கு முன் இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், சோடியம், சிறுநீரகச் செயற்பாடு எல்லாம் பாருங்கள். ஒரு ஈசீஜீயும் எடுங்கள். டொக்டரிடம் எத்தனை குளிசை, எத்தனை மாதம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். என் தங்கச்சி அதைச் சொல்லாததால் இரண்டு நாள் வீணாகப் போனது.

அவள் கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்தாள். குளிசையை என்னிடம் வாங்க மாட்டாள். காலி வீதி நெடுக ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு அட்டையாக வாங்கியிருக்கிறாள். ஒருநாள் மாலை வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டு, "அக்கா, காலுக்குள்ள பலமே இல்லை" என்றாள். கையைப் பிடித்தேன். நாடி இடையிடையே ஒரு துடிப்பை விட்டுவிட்டு ஓடியது. அன்றிரவே வாட்டில் சேர்த்தோம். பொட்டாசியம் 2.6. சாதாரணமாக 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டியது.

2.6 என்பது கொஞ்சம்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு தசைக்குள்ளும் மற்றக் கலங்களுக்குள்ளும் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது மிகச் சிறிய பங்கு. அங்கே இவ்வளவு குறைந்தால் உள்ளே பெரிய இருப்பே கரைந்திருக்கிறது என்று பொருள். கால் துவண்டதும் நாடி தவறியதும் அதனால்தான். இதயத்தின் தாளமே குழம்பி உயிர் போகவும் கூடும்.

இனி உங்கள் வீக்கத்துக்கு வருகிறேன். இந்தக் குளிசை வேலை செய்வது பெருங்குடலில். நாங்கள் சாப்பிட்ட சோறும் எண்ணெயும் அதற்கு முன்பே சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு முடிந்துவிடும். பெருங்குடலுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அந்த நீரைத் திரும்ப இழுத்துக்கொள்வதுதான் பெருங்குடலின் வேலை. குளிசை அதைத் தடுத்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே காலையில் தராசில் குறைவது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உடம்பு இந்த இழப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. நீர் குறையக் குறைய, அல்டோஸ்டெரோன் என்ற சுரப்பு ஏறுகிறது. அது சிறுநீரகத்திடம் "உப்பையும் நீரையும் பிடித்து வை" என்று சொல்கிறது. ஆனால் சோடியத்தைப் பிடிக்கும்போது பொட்டாசியத்தை வெளியே விட வேண்டியிருக்கிறது. எனவே பொட்டாசியம் மலத்தில் போவது போதாதென்று சிறுநீரிலும் போகிறது. மாதக்கணக்கில் இப்படி இருந்துவிட்டுத் திடீரென்று குளிசையை விட்டால், இழப்பு நின்றுவிடும். ஆனால் அல்டோஸ்டெரோன் உடனே இறங்குவதில்லை. பிடித்து வைக்கும் கட்டளை தொடர்வதால் குடித்த நீரும் உப்பும் உள்ளேயே தங்குகின்றன. நீங்கள் கண்ட ஊதலும், தராசில் ஏறிய நிறையும் அதுதான்.

தங்கச்சிக்கு நிறுத்திய நாலாம் நாள் கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவள் அழுதாள். "பார்த்தீங்களா, ஒரேயடியா கொழுத்திட்டன்" என்றாள். அழுத்தினால் குழி விழுந்து நிற்பது நீர், கொழுப்பு அப்படி நிற்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து மறுபடி குளிசைக்குப் போகிறார்கள். சிலர் சிறுநீர் போக்கும் குளிசையை எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் கொண்டு போய்விடும். பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் வீக்கம் தானாக இறங்கும். அதுவரை உப்புக் கருவாடு, ஊறுகாய், பொதி செய்த நொறுக்குத் தீனி இவற்றைக் குறைத்து, இருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

வாட்டில் இரண்டு நாள் பொட்டாசியம் ஏற்றியும் அளவு ஏறவில்லை. மூன்றாம் நாள் உண்மையைச் சொன்ன பிறகுதான் மக்னீசியமும் பார்த்தார்கள். அதுவும் குறைவு. மக்னீசியம் குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ததும் மற்றதும் ஏறியது. நீங்களாகவே பொட்டாசியம் வாங்கிக் குடிக்கவும் வேண்டாம். நீர் வற்றியதால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவு மிஞ்சி எதிர்ப்பக்கம் ஆபத்தாகும்.

சரி, நரம்பு. குடல் சுவரின் இரண்டு தசைப் படைகளுக்கு நடுவே ஒரு நரம்பு வலை இருக்கிறது. குடல் அலை அலையாகச் சுருங்குவது அதன் ஏவலில். உங்கள் குளிசை அந்த வலையைத் தூண்டித்தான் குடலைத் தள்ள வைக்கிறது. நெடுங்காலம் பேதி மருந்து எடுத்தவர்களின் பெருங்குடல் மடிப்பில்லாமல் வழுவழுப்பான குழாய்போல் எக்ஸ்ரேயில் தெரிந்ததை 1940களில் எழுதி வைத்தார்கள். நரம்பு அழிந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கடும் மருந்துகளோடு வந்தது. இன்று கடையில் விற்கும் பிசகொடில், நிலாவாரை போன்றவை நரம்பைக் கொன்றுவிடும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. நிலாவாரை சேர்ந்த மெலிவுத் தேநீர் குடிப்பவர்களுக்குக் குடலின் உட்சுவர் கறுத்துப் போவதுண்டு. அந்தக் கறுப்பும் நிறுத்திய சில மாதங்களில் மங்கும்.

பிறகு ஏன் மலம் போவதில்லை? நான் தங்கச்சிக்குச் சொன்ன காரணங்கள் மூன்று. குளிசை குடலை முழுதாகக் கழுவிவிடுகிறது, அது மறுபடி நிரம்ப 2, 3 நாள் வேண்டும். அந்த இடைவெளியை மலச்சிக்கல் என்று நினைத்துத்தான் அடுத்த குளிசையை விழுங்குகிறோம். அடுத்தது, பொட்டாசியம் குறைந்தால் கால் தசை துவள்வதுபோல் குடல் தசையும் துவளும். மூன்றாவது, சரியாகச் சாப்பிடாத வயிற்றில் குடல் அசைவே மந்தமாகிவிடும். மூன்றும் திரும்பக்கூடியவை. ஆனால் வாரக்கணக்கு எடுக்கும்.

தங்கச்சிக்குத் தூண்டும் குளிசையை அடியோடு நிறுத்தி, அதற்குப் பதில் லக்டுலோஸ் பாணி கொடுத்தார்கள். அது நரம்பைச் சீண்டாமல் மலத்தில் நீரைப் பிடித்து வைக்கும். அளவை உங்கள் டொக்டர் சொல்லட்டும். மூன்று வேளை சாப்பாடு, போதிய தண்ணீர். காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்தில் கக்கூசில் போய் இருக்கச் சொன்னார்கள், காலடியில் ஒரு சின்ன முக்காலி. வயிறு நிரம்பினால் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் போனது. ஒழுங்காக ஆறு வாரமாயிற்று.

மனதைப் பார்க்காமல் குடலை மட்டும் பார்த்தால் திரும்பவும் குளிசைக்குப் போவது எளிது. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், அழைத்துப் பேசலாம். படி ஏற முடியாத தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், கை கால் இழுத்துப் பிடித்தல் இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வீக்கம் இறங்கும் நாட்களில் தராசை வீட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவள் தராசை என்னிடமே தந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை, வார் இறுக்கியதால் கழற்றி வைத்திருந்த செருப்பு பழையபடி காலில் ஏறியது.