140-க்குப் பொருள் சேர்த்தால் பில் குறையுமா?

கேள்வி: இணையத்தில் எடுத்த பொருள்களுக்கு 860 ஆகிறது. 1,000-க்கு வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் இருக்கிறது. இன்னொரு பொருளைச் சேர்த்தால் செலவு குறையும் என்கிறாள் மகள். கூடுதலாக வாங்கினால் எப்படிக் குறையும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: கூப்பனில் வேறு நிபந்தனை ஏதும் இல்லையென்றால் உங்கள் மகள் சொல்வதுதான் சரி. 140 விலையுள்ள ஒரு பொருளைச் சேர்த்தால் மொத்தம் 1,000. அதில் 200 கழிந்து நீங்கள் கட்டுவது 800. சேர்க்காவிட்டால் 860.

காரணம் எளிது. தள்ளுபடி புதிய பொருளுக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஏற்கெனவே எடுத்து வைத்த 860-க்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. அந்தப் பழைய பொருள்களின் மேல் மட்டும் 172 குறைகிறது. புதிய பொருளுக்குத் தன் தள்ளுபடி போக 112 கொடுக்கிறீர்கள். 172 வரவு, 112 செலவு, மிச்சம் 60.

அப்படியானால் எவ்வளவு விலையுள்ள பொருள் வரை சேர்க்கலாம்? தள்ளுபடி போன பிறகு அதன் விலை 172-க்குள் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 215 விலையுள்ள பொருள். சரியாக 215 என்றால் மொத்தம் 1,075, தள்ளுபடி போக மறுபடி அதே 860. அதற்கு மேல் போனால் பில் ஏறத் தொடங்கிவிடும். முதலில் எடுத்தவை 800-க்கும் குறைவாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. 1,000-ஐத் தொட்டாலும் 800 கட்டியாக வேண்டுமே.

இப்போது கூப்பனின் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'அதிகபட்சத் தள்ளுபடி 100' என்று ஒரு வரி இருந்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். 1,000-க்கு 100 மட்டுமே கழிந்து 900 கட்டுவீர்கள். பில் 40 கூடுகிறது. அப்போதும் உடனே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 140 விலையுள்ள அந்தப் பொருள் உண்மையில் உங்களுக்கு 40-க்குக் கிடைக்கிறது. எப்படியும் அடுத்த மாதம் வாங்கப்போகும் பொருள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பை எட்டுவதற்காகவே தேடிப் பிடித்த பொருள் என்றால் அந்த 40 வீண்.

ஆகவே பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்: சேர்த்த பிறகு கட்டும் தொகையிலிருந்து சேர்ப்பதற்கு முன் கட்டும் தொகையைக் கழித்தால் வருவது. பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது 200' என்று பச்சை நிறத்தில் மின்னும் வரி இந்தக் கணக்குக்கு உதவாது. அது 1,000-உடன் ஒப்பிடுகிறது. நீங்களோ 860 செலவழிக்க வந்தவர்.

அந்த 860-ம் சரியான தொடக்கமா என்று பாருங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். குறைந்தபட்ச வரம்பே இல்லாத 10 சதவீதக் கூப்பன் ஒன்று அதே கடையில் இருந்தால், எதையும் சேர்க்காமலே 774-க்கு முடிந்துவிடும். அதன் பக்கத்தில் வைத்தால் 800 குறைவல்ல, 26 அதிகம். அனுப்பும் கட்டணத்தையும் இரு பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000-ஐத் தொட்டால் அது நீங்கும் என்றால் பொருள் சேர்ப்பதன் பக்கம் தராசு இன்னும் சாயும்.

சேர்த்த பிறகும் கூப்பன் ஏற்கவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பொருள் வரம்புக் கணக்கில் சேரவில்லை என்று பொருள். சில வகைப் பொருள்களை விலக்கியிருப்பார்கள். அல்லது அச்சிட்ட விலையை விட்டுவிட்டு, கடையின் சொந்தத் தள்ளுபடி போன விலையைத்தான் எண்ணுவார்கள்.

கடைசியாக, எடுத்தவற்றில் எதையாவது திருப்பி அனுப்பும் வாய்ப்பு இருக்கிறதா என்று யோசியுங்கள். 300 விலையுள்ள உடை ஒன்று அளவு பொருந்தாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதையும் சேர்க்காமல் 860 கட்டியிருந்தால் 300 முழுதாகத் திரும்பி, நிகரச் செலவு 560. கூப்பனோடு 800 கட்டியிருந்தால், மீதமுள்ள பொருள்கள் 700-க்குத்தான். வரம்புக்குக் கீழே வந்துவிட்டது என்று கூப்பனை ரத்து செய்யும் கடைகள் 100 மட்டுமே திருப்பித் தரும். நிகரச் செலவு 700. சேர்த்த பொருளுக்கு 140-ஐ முழுதாகக் கொடுத்ததாகிவிடும். வேறு கடைகள் தள்ளுபடியைப் பொருளுக்குப் பொருள் பிரித்து, உடைக்கு 240 தரும். உங்கள் கடை எந்த வகை என்பது திருப்பி அனுப்பும் விதிகளில் இருக்கும். உடை, காலணி போன்றவை இருந்தால் பணம் கட்டும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.