ஹைப்போஅலர்ஜெனிக் க்ரீமிலும் அரிப்பு

"ஹைப்போஅலர்ஜெனிக், நேச்சுரல், டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட் எல்லாம் போட்ட க்ரீம்தான். ஆனாலும் நாலாம் நாளே கன்னம் சிவந்து அரிக்கிறது. எப்படி?"

அந்தச் சொற்கள் எதுவும் ஒவ்வாமை வராது என்ற உத்தரவாதம் இல்லை. ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற பொருளில் ஹைப்போஅலர்ஜெனிக் என்று போட, அமெரிக்காவின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட எந்தச் சோதனையையும் கட்டாயமாக்கவில்லை. டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட் என்பது எத்தனை பேரிடம் சோதித்தார்கள், முடிவு என்ன என்று சொல்லாது. நான்-காமெடோஜெனிக் என்றிருந்தாலும் அது பருவைப் பற்றியது, அரிப்பைப் பற்றியதல்ல.

என் சந்தேகம் நேச்சுரல் மேல்தான். லாவெண்டர் போன்ற எண்ணெய்களில் உள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள், காற்றுபட்டு மாறியதும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. பின்பக்கப் பட்டியலில் அதுவோ, அதேபோன்ற லிமோனீனோ, பர்ஃப்யூமோ இருக்கிறதா பாருங்கள்.

க்ரீமை நிறுத்துங்கள். தோல் ஆறியதும் அதே க்ரீமை முழங்கையின் உட்புறம், நாணய அளவு இடத்தில் தினம் இருவேளை, 7 முதல் 10 நாள் தடவுங்கள். அரித்தால் காரணம் பெரும்பாலும் க்ரீம்தான். அரிக்காவிட்டாலும் முகத்துக்கு ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாகாது. கண்ணோ உதடோ வீங்கினால் இந்தச் சோதனை வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.