காலை ஏழரை மணிக்கு வரும் கோபம்

கேள்வி: சென்னையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து காலையில் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, பணிக்கு வரும் சிஸ்டருடன் எனக்குத் தினமும் வாக்குவாதம் ஆகிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அதே நினைவு, தூக்கம் வருவதில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நானும் தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்தான். பல வருடங்கள் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த நேரத்தில் எனக்கும் ஒரு சிஸ்டருக்கும் நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்த ஒரு காலையில்தான் இந்த விஷயம் எனக்குப் புரிந்தது.

ரத்த அழுத்தம் தாழ்ந்துபோன நோயாளி ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். நார்அட்ரினலின் மருந்து 50 மி.லி. சிரிஞ்சில், மணிக்கு 6 மி.லி. வீதம் பம்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த சிரிஞ்சை நான் மாட்டியது இரவு 11.15 மணிக்கு. ஐம்பதை ஆறால் வகுத்தால் 8 மணி 20 நிமிடம். அதாவது காலை 7.35க்கு மருந்து தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு சிறு பிள்ளையும் போடக்கூடியது. ஆனால் அன்று நான் போடவில்லை.

7.20க்கு காலைப் பணி சிஸ்டர் வந்தார். சிறுநீர் அளவை நான் கூட்டி எழுதவில்லை என்று கேட்டார். “ஆறு மணியிலிருந்து எனக்கு உட்காரவே நேரமில்லை சிஸ்டர்” என்றேன். “தினமும் இதே பதில்தான் சொல்கிறீர்கள்” என்றார். குரல் ஏறியது. நடுவில் பம்ப் ‘தீரப்போகிறது’ என்று ஒலித்தது. நான் கையை நீட்டி ஒலியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பேசினேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் நினைத்தார். பணியை ஏற்றுக்கொண்டவர் அவர்தானே என்று நான் நினைத்தேன். அந்த மருந்து உடலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. ஓட்டம் நின்றால் ஓரிரு நிமிடத்தில் அழுத்தம் சரியத் தொடங்கும். மானிட்டரில் சராசரி அழுத்தம் 50க்குக் கீழே போனபோது, பக்கத்துப் படுக்கையில் இருந்த மூன்றாவது சிஸ்டர் ஓடிவந்து புதிய சிரிஞ்சை மாட்டினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று முழுவதும் கை நடுங்கியது.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அப்போது எங்களைத் திட்டவில்லை. இரண்டு பேரும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில் கேட்ட கேள்வி, “அன்றைக்கு நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?” என்பதுதான். நான் முந்தைய நாள் காலை பத்து மணிக்கு எழுந்தவள். பிறகு படுக்கவே இல்லை. சண்டை நடந்தபோது 21 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறேன். காலைப் பணி சிஸ்டர் செங்கல்பட்டிலிருந்து புறநகர் ரயிலில் வருபவர். நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு, ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். முந்தைய நாள் இரவு அவர் படுத்தபோது பதினொன்றரை.

1997இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதியது நினைவுக்கு வருகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். அந்த நிலையில் ஒருவர் நோயாளியை ஒப்படைக்கிறார், அரைத் தூக்கத்தில் வந்த இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். உடலின் கடிகாரப்படி விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் மிகத் தாழ்வான நேரம். அதைத் தாண்டி வந்த மூளைக்குச் சாதாரணக் கேள்வியும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். ‘சிறுநீர் அளவு எங்கே?’ என்று கேட்டால் ‘நீ சோம்பேறி’ என்று காதில் விழும். அதனால் உங்களோடு வாக்குவாதம் செய்யும் சிஸ்டரின் குணத்தைப் பற்றி இப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துத் திரும்பி வந்த பிறகும், மதியப் பணியிலும் அவர் இப்படியே பேசினால் அது வேறு விஷயம். இன்சார்ஜிடம் எடுத்துச் செல்ல வேண்டியதும் அதைத்தான்.

அன்று மாலை நாங்கள் மூவரும் பேசி ஏற்படுத்திக்கொண்ட முறையை இன்றும் பின்பற்றுகிறேன்.

ஒவ்வொரு சிரிஞ்சை மாட்டும்போதும், அது எத்தனை மணிக்குத் தீரும் என்பதைப் பிளாஸ்டரில் எழுதிப் பம்பின் மேல் ஒட்டிவிடுவேன். வேகத்தை மாற்றினால் பிளாஸ்டரையும் மாற்றுவேன். தீரும் நேரம் காலை ஏழுக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் விழுந்தால், ஆறு மணிக்கே அடுத்த சிரிஞ்சைத் தயாரித்து, பெயரும் நேரமும் எழுதி, உடன் பணியாற்றும் சிஸ்டரிடம் சரிபார்க்கச் சொல்லி, ஆறரைக்குள் மாற்றிவிடுவேன். பழைய சிரிஞ்சில் ஐந்தாறு மி.லி. மிச்சமிருந்தால் இருக்கட்டும். மருந்து வீணாகிறதே என்று முதலில் எனக்கும் தயக்கமாக இருந்தது. மானிட்டரில் அழுத்தம் 50க்குக் கீழே போனதைப் பார்த்தவளுக்குத் தயக்கம் நீடிக்கவில்லை.

சிறுநீர், திரவக் கணக்கை ஆறு மணிக்கே கூட்டிவிட வேண்டும். பூட்டிவைத்த ஃபென்டானில் ஆம்பூல்களின் எண்ணிக்கையையும் அப்போதே பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட வேண்டும். இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவது ஏழரைக்குத்தான் நடக்கும். ஆனால் எண்ணிக்கை இடித்தால் அது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆம்பூல் ஒன்று குறைகிறது என்று ஏழரைக்குத் தெரியவந்தால், அங்கே பேச்சு சந்தேகத்தில்தான் போய் முடியும்.

மூன்றாவதுதான் என் அனுபவத்தில் சண்டையைப் பாதியாகக் குறைத்தது. ஒப்படைக்கும்போது நோயாளியின் பெயருக்கும் நோய்க்கும் அடுத்தபடியாகவே பாக்கி வேலைகளைச் சொல்லிவிடுவேன். “சிஸ்டர், ஆறு மணி ரத்தப் பரிசோதனை அனுப்பியாகிவிட்டது, முடிவு வரவில்லை. முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றவில்லை. மற்றதெல்லாம் முடிந்தது.” முடிக்காத வேலையை மறைக்க வேண்டும் என்று நாம் நினைப்பதில்லை, ஆனாலும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். அதற்குள் அவரே பார்த்துவிட்டால் அவருக்கு ஏமாற்றப்பட்டது போல இருக்கும். நாமே முதலில் சொல்லிவிட்டால் அது அவருக்கு ஒரு வேலைப் பட்டியல் மட்டும்தான். பிறகு இருவரும் படுக்கையருகே நின்று, ஒவ்வொரு குழாயையும் பம்பையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் இடையில் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒலிக்கும் எந்த எச்சரிக்கை ஒலியையும் திரையைப் படிக்காமல் நிறுத்தக் கூடாது.

குறை சொல்ல வேண்டியிருந்தால், நோயாளிக்கு உடனே ஆபத்து தரக்கூடியதை மட்டும் அங்கேயே சொல்லுங்கள். ‘டிராலியை ஒழுங்காக வைக்கவில்லை’, ‘கையுறைப் பெட்டி காலி’ போன்றவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து, இருவரும் தூங்கி எழுந்த பிறகு பேசுங்கள். நான் எழுதிவைத்த பல குறைகள் மாலையில் படித்தபோது சொல்லவே தேவையில்லாதவையாக இருந்தன.

இனி உங்கள் தூக்கம். இரவில் இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருபது நிமிடம் கண் மூட முடியுமா என்று பாருங்கள். இன்சார்ஜின் அனுமதியோடு, உங்கள் நோயாளிகளை இன்னொரு சிஸ்டர் ஏற்றுக்கொண்ட பிறகுதான். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவீர்கள், எழும்போது தலை கிறுகிறுக்கும். இருபது நிமிடத்தில் எழுந்தாலும் முதல் பதினைந்து நிமிடத்துக்கு மருந்து கலக்காதீர்கள். கடைசிக் காபி மூன்று மணிக்குள் முடியட்டும். குடித்த காபியிலுள்ள கஃபீனில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்கு கேன்டீன் டீ குடித்துவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தால் கண் மூடாது. சண்டையால்தான் தூக்கம் வரவில்லை என்று தோன்றும், டீக்கும் அதில் பங்கு உண்டு.

பகலில் ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் தூங்குவது சென்னையில் நடக்காத காரியம். பகலில் உடலின் வெப்பநிலை தானாகவே ஏறும், அதனால் நான்கைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். வெயில் காலத்தில் மாடி வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் நான் தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு தூக்கம், பணிக்குக் கிளம்பும் முன் மாலை நான்கரையிலிருந்து ஆறு வரை இன்னொன்று. 21 மணி நேரம் விழித்திருந்த அன்று நான் விட்டது அந்த மாலைத் தூக்கத்தைத்தான். “பகலெல்லாம் தூங்குகிறாளே, சாயங்காலமும் படுக்க வேண்டுமா” என்று வீட்டில் கேட்பார்கள். இரவு எத்தனை மணிவரை, எத்தனை நோயாளிகளை, என்னென்ன மருந்தோடு பார்த்துக்கொள்கிறேன் என்று என் மாமியாரிடம் ஒரு நாள் பொறுமையாகச் சொன்னேன். அதன் பிறகு மாலை மிக்ஸியை அவரே ஆறு மணிக்கு மேல்தான் போட்டார்.

ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தால், கேட்டதையே திரும்பக் கேட்கிறீர்கள் என்று மற்றவர்கள் சொன்னால், அன்று ஸ்கூட்டரை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள். சிக்னலில் நின்றபடி இரண்டு வினாடி கண் செருகியதை நான் அனுபவித்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் பணிப்பட்டியல் மோசமாக இருந்தால் பலன் குறைவுதான். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிகள் இருவரை ஒரே செவிலியரிடம் கொடுத்தால், ஆறு மணிக்குக் கணக்கை முடி என்று யார் சொல்லியும் முடியாது. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றும் பட்டியலை உடல் எளிதாக ஏற்கும். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிச் சுற்றினால் தாங்காது. இதைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பத்து நாட்களுக்கு ஒரு சிறு நோட்டில் மூன்றே விஷயங்களை எழுதுங்கள்: எழுந்த நேரம், ஒப்படைத்த நேரம், அப்போது பாக்கியிருந்த வேலைகள். முடிந்தால் அந்தக் காலைப் பணி சிஸ்டரையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் இருவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், செங்கல்பட்டு சிஸ்டருக்கு மதியப் பணியை அதிகமாகக் கொடுக்கவும், ஐந்து மணி முதல் ஏழரை வரை எங்கள் பிரிவில் கூடுதலாக ஒரு செவிலியரை நிறுத்தவும் இன்சார்ஜ் ஒப்புக்கொண்டார்.