வாஷிங் மெஷினில் ஒரு தடவை துணி துவைக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது? கேள்வி – பதில்

சென்னை வீடுகளை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். மின்கட்டணத்துக்கு 2024 ஜூலையில் வந்த வீட்டு விகிதத்தை எடுத்துக்கொண்டேன். உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.

மேடவாக்கம்: 7 கிலோ ஃபிரண்ட் லோட். 40 டிகிரி காட்டனில்தான் எப்போதும் போடுவேன். தண்ணீர் லாரிதான், 12,000 லிட்டருக்கு 1,800 ரூபாய். தூள் 2 கிலோ பை 460 ரூபாய், ஒரு தடவைக்கு ஒரு மூடி, நிறுத்துப் பார்த்தால் 70 கிராம். மீட்டர் பிளக் வைத்து அளந்ததில் 5 துவையலுக்கு 2.6 யூனிட். இரண்டு மாத பில் 430 யூனிட் வருகிறது. ஒரு துவையலுக்கு என்ன செலவு, சார்?

பதில்: அளந்துவிட்டு வந்து கேட்டதற்கு நன்றி. பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில் கரண்ட். ஒரு துவையலுக்கு 0.52 யூனிட். எந்த விலையில் பெருக்குவது என்பதுதான் முக்கியம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு முதல் 100 இலவசம், 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. மாதம் 15 துவையல் என்றால் இரண்டு மாதத்தில் 30, அதாவது 15.6 யூனிட். மெஷினையே ஓட்டாமல் இருந்தால் பில் 430லிருந்து 414க்கு இறங்கும். அந்த 16 யூனிட்டும் 6.30 விலையில்தான் இருக்கிறது. ஆக 0.52 × 6.30 = 3.28 ரூபாய்.

அடுத்தது தண்ணீர். லாரித் தண்ணீர் லிட்டர் 15 பைசா. இந்த அளவு மெஷின் ஒரு காட்டன் துவையலுக்கு 55 லிட்டர் வாங்குகிறது என்று வைத்தால் 8.25 ரூபாய். சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டார் செலவு 55 லிட்டருக்கு 20 பைசா அளவுதான், அதை விட்டுவிடலாம்.

கடைசியாகத் தூள். கிராம் 23 பைசா, 70 கிராமுக்கு 16.10 ரூபாய்.

மொத்தம் 27.63. இதில் பாதிக்கு மேல் தூள். 40 டிகிரியை விட்டுக் குளிர்ந்த நீருக்கு மாறினால் யூனிட் 0.2 பக்கம் இறங்கும், மிச்சம் இரண்டு ரூபாய். தூளை 70லிருந்து 40 கிராமாக்கினால் மிச்சம் 6.90. சிக்கனம் என்றால் எல்லாரும் முதலில் சூட்டைத்தான் குறைக்கிறார்கள். உங்கள் வீட்டில் தொட வேண்டியது தூள் மூடியை.

இன்னொன்று, 27.63 என்பது ஒரு துவையலின் விலை, ஒரு கிலோ துணியின் விலை இல்லை. 6 கிலோ போட்டால் கிலோவுக்கு 4.60. அரை டிரம்மாக 3 கிலோ மட்டும் போட்டு அதே தூளும் கொட்டினால் கிலோ 9 ரூபாயை ஒட்டி வந்துவிடும். மெஷின் துணிக்குத் தக்கபடி தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கும், பாதியாகக் குறைக்காது.

அம்பத்தூர்: மெஷின் பின்பக்கம் 2000 வாட் என்று இருக்கிறது. ப்ரோகிராம் 2 மணி நேரம் ஓடுகிறது. அப்போ 4 யூனிட் இல்லையா? மேலே 0.52 என்கிறீர்களே, மீட்டர் பிளக்கில்தான் கோளாறு இருக்கும்.

பதில்: பிளக்கில் கோளாறு இல்லை. 2000 வாட் என்பது ஹீட்டர் எரியும்போது இழுக்கும் உச்சம். டிரம்மில் துவைக்க நிற்கும் தண்ணீர் 15 லிட்டர் அளவுதான், மீதி எல்லாம் அலசலுக்கு, அது சூடாவதே இல்லை. அந்த 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற 0.21 யூனிட் போதும். துணியும் டிரம்மும் சேர்ந்து சூடாக வேண்டும் என்பதால் கொஞ்சம் கூடும். ஹீட்டர் எரிவது 8, 10 நிமிடம். மீதி நேரம் முழுக்க மோட்டார் உருட்டிக்கொண்டிருக்கும், அதற்குச் சில நூறு வாட்டே அதிகம். 60 டிகிரி வைத்தால் ஹீட்டர் வேலை இரண்டரை மடங்குக்கு மேல், மொத்தம் 1 யூனிட்டை ஒட்டி வரும்.

பிளக் வாங்காமலே இதை இ.பி. மீட்டரில் பார்க்கலாம். மீட்டர் முகப்பில் 3200 imp/kWh என்பது போல எழுதியிருக்கும். சின்ன சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் பிடித்த கொஞ்ச நேரத்தில் விளக்கு கடகடவென்று துடிக்க ஆரம்பிக்கும். 15 விநாடிக்கு 26, 27 முறை வந்தால் 2000 வாட், ஹீட்டர் எரிகிறது. பிறகு சட்டென்று மினுக்கல் குறையும், ஹீட்டர் அணைந்துவிட்டது. அந்த இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள், 4 யூனிட் கணக்கு எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

மீட்டர் பிளக் வாங்குபவர்கள் 16 ஆம்பியர் உள்ளதையே வாங்குங்கள். போன் சார்ஜருக்கு விற்கும் சின்ன பிளக்கில் ஹீட்டர் மெஷினைச் செருகினால் பின் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும்.

போரூர்: என்னுடையது 5 ஸ்டார். ஒரு வாஷுக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: ஸ்டாரை வைத்துச் சொல்ல முடியாது. எந்த ப்ரோகிராம், எத்தனை டிகிரி, எந்தத் தண்ணீர், எவ்வளவு தூள் என்று எழுதுங்கள்.

வேளச்சேரி: மேடவாக்கம் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. 430 யூனிட்டுக்கு பில் 1,364 ரூபாய். வகுத்தால் யூனிட் 3.17. கரண்ட் செலவு 1.65தான். 6.30 போட்டு இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். இலவச 100 யூனிட்டில் மெஷினுக்கும் பங்கு உண்டு, அதை ஏன் ஃபிரிட்ஜுக்கே கொடுக்கிறீர்கள்?

பதில்: வகுத்தது சரி. ஆனால் அந்த எண் வேறு கேள்விக்கான பதில். வீட்டில் நான்கு பேர் தங்கி பில்லைப் பங்கு போடுகிறீர்கள் என்றால் சராசரிதான் நியாயம். சூட்டைக் குறைக்கலாமா, வாரத்துக்கு ஒரு துவையலைக் குறைக்கலாமா என்று யோசிப்பவருக்குச் சராசரி உதவாது. அவர் குறைக்கும் யூனிட் மேல் ஸ்லாப்பிலிருந்துதான் கழியும்.

500ஐ ஒட்டி இருக்கும் வீட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 490 யூனிட்டுக்கு 1,742 ரூபாய். 510 ஆனால் 100லிருந்து 200 வரைக்கான 2.35 சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும், 500க்கு மேல் 8.40, மொத்தம் 2,124. இருபது யூனிட்டுக்கு 382 ரூபாய், யூனிட் 19.10! 40 டிகிரியிலிருந்து 60க்கு மாறினால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் அளவு கூடும், 490ஐ 500க்கு மேல் தள்ள அதுவே போதும்.

வேளச்சேரி: அப்படியானால் 500ஐத் தாண்டியது ஏசியால் என்றும் சொல்லலாமே? எல்லாம் சேர்ந்துதானே தாண்டுகிறது. ஒவ்வொரு பொருளும் "நான்தான் கடைசி" என்றால் கூட்டிப் பார்க்கும்போது பில்லை விட அதிகமாக வரும்.

பதில்: வரும். அதனால்தான் இந்த முறையில் எல்லாப் பொருளுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டக் கூடாது. "இதை மட்டும் மாற்றினால் பில் எவ்வளவு மாறும்" என்ற ஒரே கேள்விக்கு மட்டும்.

நங்கநல்லூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வாடகை. சப்-மீட்டர் வைத்து ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு எந்த ஸ்லாப், அண்ணே?

பதில்: ஸ்லாப்பே கிடையாது. முதல் யூனிட்டும் 8, கடைசி யூனிட்டும் 8. 0.52 யூனிட்டுக்கு 4.16 ரூபாய்.

கொளத்தூர்: எங்களுக்கு போர் தண்ணி, உப்பு. தூளைக் குறைத்தால் காலர் அழுக்கு போக மாட்டேங்குது. நீங்கள் எல்லாருக்கும் 40 கிராம் என்கிறீர்கள்.

பதில்: எல்லாருக்கும் சொல்லவில்லை, இந்த வித்தியாசம் முக்கியம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தூளின் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சியதுதான் அழுக்கை எடுக்கும். உங்கள் வீட்டில் குறைக்க அவ்வளவு இடம் இல்லை. குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று திரிகிறது என்றால் தூளைப் பெரிதாகக் குறைக்காதீர்கள். காலருக்கு மட்டும் முன்னாடியே கொஞ்சம் லிக்விட் தேய்த்து வைப்பது மலிவு.

மற்றவர்கள் தூள் அதிகமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துவைத்துக் காய்ந்த துண்டு நாலைந்தைத் தூளே போடாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடியில் நுரை நின்றால், அது பழைய தூள், துணியிலேயே தங்கியது. அப்படி வந்தால் வாரம் பத்துப் பத்து கிராமாகக் குறைத்துப் பாருங்கள். துணியில் வாடை வர ஆரம்பிக்கும் அளவுக்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். சில மெஷின்கள் நுரை அதிகமானால் தானாகவே ஒரு அலசலைக் கூட்டும். அப்போது லாரித் தண்ணீரும் கூடப் போகிறது.

அளக்கும்போது மூடியை நம்பாதீர்கள், சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துவிடுங்கள். ஒவ்வொரு தூளும் ஒவ்வொரு கனம்.

பெரம்பூர்: 8 கிலோ ஃபிரண்ட் லோட், தோராயமா ஒரு வாஷ் எவ்வளவு?

பதில்: போரூருக்குச் சொன்ன பதில்தான்.

தாம்பரம்: மெஷின் 30,000 ரூபாய். பத்து வருடம், வருடம் 180 துவையல் என்றால் ஒரு தடவைக்கு 16.67 ரூபாய் மெஷினுக்கே போகிறது. அதைச் சேர்க்காமல் 27 என்று சொல்வது முழுக் கணக்கா?

பதில்: சலவைக்குக் கொடுப்பதா, மெஷின் வாங்குவதா என்று ஒப்பிட்டால் சேர்க்க வேண்டும், சரியான கேள்வி. ஏற்கெனவே வாங்கிவிட்டவர் இன்று எந்த ப்ரோகிராம் போடுவது என்று பார்க்கும்போது அந்த 16.67 எதிலும் மாறாது.

திருவொற்றியூர்: தண்ணீர் வெளியேறாமல் டிரம்மில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

பதில்: கீழே உள்ள டிரெய்ன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு மேல் சர்வீஸ் ஆள்தான், இங்கே செலவுக் கணக்கு மட்டும்.

குரோம்பேட்டை: டாப் லோட். ஹீட்டர் இல்லை, அதனால் கரண்ட் ரொம்பக் குறைவு. சுடுதண்ணீர் வேண்டுமானால் கீசரிலிருந்து ஊற்றிக்கொள்வேன். இதுதானே சிக்கனம்?

பதில்: மெஷின் இழுப்பது குறைவுதான். கீசர் இழுப்பதை யார் எண்ணுவது? டாப் லோடில் ஒரு நிரப்பே 50 லிட்டர் ஆகலாம். அதை 28லிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட். ஃபிரண்ட் லோடில் 60 டிகிரி துவையலே அவ்வளவுதான். தவிர மொத்தத் தண்ணீர் 120 லிட்டர் வரை போகும், லாரி விலையில் 18 ரூபாய். குழாயில் வாரியத் தண்ணீர் தடையின்றி வருகிறது, சூடும் வேண்டாம் என்றால் டாப் லோட் நல்ல சிக்கனம். லாரி வீட்டில் இல்லை.

மே மாதம் மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே இளஞ்சூடாக இருக்கும். அப்போது போட்டால் கீசர் தேவையில்லை. ஃபிரண்ட் லோட்காரர்களுக்கும் ஹீட்டர் எரியும் நேரம் குறையும்.

மேடவாக்கம்: 50 கிராமுக்கு இறக்கிப் பார்க்கிறேன், சார். எங்கள் லாரித் தண்ணீரும் சில வாரம் உப்பாக வருகிறதே, அப்போது?

பதில்: லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்பதைப் பொறுத்தது. உப்பு லோடு வந்த வாரம் பழைய 70க்கே போங்கள். நுரைச் சோதனையை நல்ல தண்ணீர் வந்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி: 6.30 என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. குடும்பக் கணக்கு நோட்டில் சராசரியைத்தான் எழுதுவேன்.

பதில்: நோட்டில் தாராளமாக எழுதுங்கள். பில் 490ஐத் தொடும் மாதம் மட்டும் 60 டிகிரி பட்டனை அழுத்தும் முன் மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.